கதவு எண் எங்கிருந்து தொடங்க வேண்டும்

சென்னையின் பழைய தெருக்களில் வீட்டு வாசல் பலகையில் இரண்டு எண்கள் இருக்கும். பழைய எண் 27, புதிய எண் 12. நாலு வீடு தள்ளி இன்னொரு பலகையில் பழைய எண் 12 என்று இருக்கும். ‘12, இன்ன தெரு’ என்று மட்டும் எழுதிய கடிதம் இந்த இரண்டு வீட்டில் எதற்கும் போகலாம். கடிதமென்றால் அடுத்த வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். ஆம்புலன்ஸ் அப்படிக் கைமாறி வராது.

புதிய எண் கொடுத்தது தவறில்லை. வீடுகள் இடிந்து, பிரிந்து, அடுக்கு மாடியாகி, பழைய வரிசை குலைந்த பிறகு எண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய எண்ணை முறையாக விடைகொடுத்து அனுப்பாததும், பழைய எண்களின் வரம்புக்குள்ளேயே புதிய எண்களையும் கொடுத்ததும்தான் கோளாறு. இந்த இரண்டையும் தவிர்த்து ஒரு தெருவுக்குப் பெயரும் எண்ணும் இடுவது எப்படி என்பதை, கற்பனையான ஒரு தெருவைக் கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். கற்பனைதான் என்றாலும் தமிழ்நாட்டின் எந்த ஊர் ஓரத்திலும் இதன் அண்ணன் தம்பிகளைப் பார்க்கலாம்.

நகராட்சி எல்லையில் ஒரு மனைப்பிரிவு. பேருந்துச் சாலையிலிருந்து தெற்கே இறங்கும் தெரு, நீளம் 430 மீட்டர். பெரும்பாலும் முப்பதடி அகல மனைகள். 52 வீடுகள் எழும்பியிருக்கின்றன, மீதி காலி மனை. கதவு எண்கள் 1 முதல் 46 வரை. அவற்றோடு 14ஏ, 14பி என்று எழுத்து ஒட்டிய ஆறு எண்கள். எண்கள் நிலத்தில் வரிசையாக இல்லை. முதலில் வீடு கட்டியவர் தெருவின் நடுவில் கட்டினார், அவர் வரி கட்டப் போனபோது எண் 1 கிடைத்தது. இரண்டாவதாகக் கட்டியவர் தெருவின் கடைசியில் இருந்தார், அவருக்கு எண் 2. இப்படி 14ஏ-வுக்குப் பக்கத்து வீடு 31 ஆகிவிட்டது. வரிப் பதிவேட்டில் எந்தப் பிழையும் இல்லை. யார் எப்போது பதிந்தார் என்பதை அது சரியாகவே சொல்கிறது. வீடு எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லவில்லை.

இதனால் சேவை எங்கே முறிகிறது என்பதற்கு டெங்குவைப் பாருங்கள். மருத்துவமனையில் ஒருவருக்கு டெங்கு உறுதியானால் அவருடைய முகவரி உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவுக்கு வருகிறது. கொசுப்புழு தேடும் பணியாளர்கள் அந்த வீட்டுக்கும் சுற்றியுள்ள வீடுகளுக்கும் போய்த் தொட்டி, தேங்காய் ஓடு, பழைய டயர் என்று பார்க்க வேண்டும். ஏடிஸ் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து வெகுதூரம் போவதில்லை. அதனால் சுற்றியுள்ள வீடுகள் எவை என்பதுதான் முக்கியம். தாளில் ‘14ஏ’ என்றிருந்தால் பணியாளர் 13-ஐயும் 15-ஐயும் தேடுவார். அவை தெருவின் வேறு முனைகளில் இருக்கும். உண்மையான பக்கத்து வீடான 31-இல் தொட்டி திறந்தே கிடக்கும்.

சரி, வேலையைத் தொடங்குவோம். எண்ணுக்கு முன் தெருவையே வரையறுக்க வேண்டும். தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தத் திசையில் எண் ஏறுகிறது? வெளியாள் எந்தப் பக்கமிருந்து வருவாரோ அதுவே தொடக்கம். நம் தெருவுக்கு அது பேருந்துச் சாலை முனை. இந்தத் தீர்மானத்தைத் தெருவுக்குத் தெரு மாற்றாமல், பெரிய சாலையிலிருந்து சிறிய தெருவுக்குள் எண் ஏறும் என்று ஊர் முழுக்க ஒரே விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் தெரு வளைந்தாலும் ஒரே தெருதான். ஆனால் இரண்டாகப் பிரிந்தால் ஒரு கிளை தனிப் பெயர் பெற வேண்டும். இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாலை நிலம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா? அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் அது நடந்திருக்கும். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017-இல் வந்தது. அந்த வழியில் வந்த இடங்களில் சாலையின் நிலை என்னவென்று கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்படைப்பு முடியவில்லை என்பதற்காக எண் இடுவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அங்கே மனிதர்கள் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள்.

அடுத்து பெயர். நம் தெருவுக்கு மனை விற்றவர் வைத்த பெயர் ‘குறிஞ்சி நகர் 3-வது தெரு’. அதே நகரில் 3-வது குறுக்குத் தெருவும் 3-வது பிரதான சாலையும் உண்டு. தொலைபேசியில் பதறிப் பேசும் ஒருவர் ‘மூணாவது’ என்று மட்டுமே சொல்வார், மீதியைக் கேட்பவர் ஊகிக்க வேண்டியதுதான். பெயருக்கான முதல் சோதனை இதுதான்: உள்ளாட்சியின் எல்லைக்குள் அதே பெயரோ, காதில் விழும்போது அதே போல் ஒலிக்கும் பெயரோ வேறு இருக்கிறதா? சென்னையில் 2011-இல் 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் மாநகராட்சியோடு இணைந்தன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 ஆனது. தனித்தனி ஊராக இருந்தவரை ஒவ்வோர் ஊரிலும் ஒரு காந்தி தெருவும் ஒரு பிள்ளையார் கோயில் தெருவும் இருந்ததில் குழப்பமில்லை. இணைந்த அன்றே அவை ஒரே ஊரின் பல காந்தி தெருக்கள் ஆகிவிட்டன. எல்லை விரியும் ஊர்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பிரச்சினை காத்திருக்கிறது. இணைப்பு ஆணை வரும்போதே தெருப் பெயர்ப் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒன்றை வைத்து மற்றவற்றை மாற்றுவதே நல்லது.

பெயர் சூட்ட மன்றத் தீர்மானம் வேண்டும். இருக்கும் பெயரை மாற்றுவதென்றால் குடியிருப்பவர்களின் கருத்தும் அரசின் நிலைப்பாடும் சேர்ந்துகொள்ளும். தெருக்களிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் சாதிப் பெயரை அகற்றுவதற்கான வழிமுறைகளை 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ஆணையாக வெளியிட்டது. அது செய்யப்பட வேண்டிய காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு மனிதரின் சாதியை அவர் முகவரியே உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் பெயர்ப் பலகையை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. அந்தத் தெருவில் வாழும் ஒவ்வொருவரின் குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, மின் இணைப்பு எல்லாவற்றிலும் முகவரி மாறுகிறது. அந்தச் சுமையை அவர்கள் தலையில் கட்டாமல் உள்ளாட்சியே ஏற்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன். நம் தெருவுக்கு ஒலி குழம்பாத, ஊரில் வேறெங்கும் இல்லாத பெயராக ‘நொச்சித் தெரு’ என்று தீர்மானம் ஆனது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது எண். நமக்குப் பழக்கமானது வரிசை எண்: 1, 2, 3 என்று வீடுகளை எண்ணிக்கொண்டே போவது. முழுவதும் கட்டி முடிந்த தெருவுக்கு இது போதும். நம் தெருவில் பாதி மனை காலி. இன்று வரிசையாக எண்ணினால் நாளை எழும்பும் வீடுகள் எல்லாம் ஏ, பி, சி ஆகும். பத்து ஆண்டில் பழைய நிலைதான். இதற்கு மாற்று தூர எண்: வீட்டு வாசல் தெருத் தொடக்கத்திலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறதோ அதுவே அதன் எண். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் கிராமச் சாலைகளில் இதன் ஒரு வடிவம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே பண்ணை வீடுகள் தொலைவாக இருப்பதால் தூரத்தைப் பத்தால் வகுக்கிறார்கள். எண் 153 என்றால் சாலை தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 1.53 கிலோமீட்டர். ஓட்டுநர் வண்டியின் கிலோமீட்டர் காட்டியைப் பார்த்தே வாசலை நெருங்கிவிடலாம். ஆப்பிரிக்காவின் பல நகரங்களில் முகவரி முறையைப் புதிதாக உருவாக்கியபோது மீட்டரையே எண்ணாக வைத்தார்கள். நம் ஊர் மனைகளுக்கு அதுவே பொருந்தும். முப்பதடி மனை ஒன்பது மீட்டர் சொச்சம், அதை இரண்டாகப் பிரித்தாலும் நாலரை மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு எண் என்றால் இரண்டு வீடுகள் மோதிக்கொள்ளும். மீட்டருக்கு ஒன்று என்றால் மோதல் அரிது.

அளப்பதற்கு உருட்டி அளக்கும் சக்கரம் போதும். ஒருவர் தெருவின் நடுவில் சக்கரத்தை உருட்டி நடக்க, இன்னொருவர் இரு பக்கமும் வாசல் கேட்டின் நடுப்புள்ளிக்கு நேராக வரும் தூரத்தை எழுதுவார். தொடக்கத்திலிருந்து உள்ளே போகும்போது இடப்பக்கம் ஒற்றை எண், வலப்பக்கம் இரட்டை எண். இடப்பக்கம் ஒரு கேட் 47.3 மீட்டரில் இருந்தால் நெருங்கிய ஒற்றை எண் 47. அதற்கு நேர் எதிரே வலப்பக்கம் அதே 47.3 என்றால் நெருங்கிய இரட்டை எண் 48. இரண்டாகப் பிரிந்த ஒரு மனையில் கேட்டுகள் 62.4-இலும் 68.5-இலும் இருந்தால் அவை 63, 69. சில ஆண்டு கழித்து நடுவில் 65.2-இல் ஒரு கடை கதவு திறந்தால் அது 65. யாருடைய எண்ணும் அசையாமல் புதியது தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

இதில் நம் ஊருக்காக ஒரு திருத்தம் செய்வேன். எல்லா எண்ணோடும் நூறைக் கூட்டிவிட வேண்டும். 47 என்பது 147 ஆகும், தெரு 101-இல் தொடங்கி 530 வாக்கில் முடியும். காரணம் பழைய எண்கள். அவை 1 முதல் 46 வரை. புதிய எண்களும் ஒன்றிலிருந்து தொடங்கினால் முதல் ஐம்பது மீட்டரில் உள்ள வீடுகளின் புதிய எண்கள் வேறு யாருடைய பழைய எண்ணாகவோ இருக்கும். நூறு கூட்டினால் எண்ணைப் பார்த்தவுடனேயே அது பழையதா புதியதா என்று தெரியும். இரண்டிலக்கமும் அதற்குக் கீழும் என்றால் பழையது, மூன்றிலக்கம் என்றால் புதியது. பழைய எண்கள் நூறைத் தாண்டிய நீண்ட தெருவாக இருந்தால் அவை முடியும் இடத்துக்கு மேலே உள்ள நூறையோ ஆயிரத்தையோ கூட்ட வேண்டும்.

டெங்கு கோப்புக்கு இப்போது திரும்பினால், ‘147, நொச்சித் தெரு’ என்ற ஒரு வரியே போதும். முன்னும் பின்னும் ஐம்பது மீட்டர் என்றால் தெருத் தொடக்கத்திலிருந்து 197 வரை உள்ள எல்லா வாசல்களும். இதை அலுவலகத்தில் உட்கார்ந்தே பட்டியல் எடுத்துக் கொடுத்துவிடலாம். பின்பக்கத் தெரு வீடுகளுக்கு மட்டும் வரைபடம் வேண்டும். எண் அதைச் சொல்லாது.

விதி எளிது என்றாலும் சில வாசல்கள் அதற்குள் அடங்காது. மூலை வீட்டுக்கு இரண்டு தெரு. அன்றாடம் புழங்கும் வாசல் எந்தத் தெருவில் திறக்கிறதோ அந்தத் தெரு எண்தான். உரிமையாளர் பெரிய சாலையின் பெயரைக் கேட்பார், கொடுக்கக் கூடாது. சந்து ஒன்று உள்ளே போய் அதில் நாலைந்து வீடு இருந்தால் சந்துக்கே பெயர் வைப்பது நல்லது. இரண்டே வீடு என்றால் சந்து வாயிலின் எண்ணோடு 218/1, 218/2 என்று கொடுக்கலாம். அடுக்குமாடிக்குக் கேட்டின் எண் ஒன்றே. உள்ளே மூன்றாம் மாடியின் இரண்டாம் வீடு 302. இந்த உள் எண்ணைக் கட்டுநர் விருப்பத்துக்கு விடாமல் கட்டட அனுமதியிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் தரைத்தளத்தை ஒருவர் முதல் மாடி என்பார், இன்னொருவர் மாட்டார்.

புறம்போக்கு ஓரத்துக் குடிசைகளில்தான் பெரும்பாலான கணக்கெடுப்புகள் தயங்கி நிற்கின்றன. எண் கொடுத்தால் உரிமை கொடுத்ததாகிவிடும் என்ற பயம் அலுவலர்களுக்கு. கதவு எண்ணோ வரி ரசீதோ உரிமைப் பத்திரம் ஆகாது. பட்டாவும் பதிவுசெய்த ஆவணமும் வேறு. எண் என்பது இங்கே ஒரு வாசல் இருக்கிறது, இதற்குள் மனிதர் இருக்கிறார் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. தடுப்பூசி போட வரும் செவிலியருக்கும், தீ பற்றியபோது வரும் வண்டிக்கும் அந்த வாசல் தெரிந்தாக வேண்டும். ஆகவே அளவு எடுக்கும் தாளில் வாசல் இருந்தால் எண் உண்டு என்பதே விதி, உரிமை பற்றிய பத்தியே அதில் இருக்கக் கூடாது.

அளக்கும்போதே ஒவ்வொரு வாசலிலும் எழுதிக்கொள்ள வேண்டியவை சில உண்டு: பழைய கதவு எண், சொத்து வரி விதிப்பு எண், மின் இணைப்பு எண், மனை எண், வாக்காளர் பட்டியலில் உள்ள வீட்டு எண். கேட்டின் முன் நின்று கைப்பேசியில் இடக்குறிப்பும் எடுத்துக்கொள்ளலாம். இதிலிருந்து பிறப்பதுதான் இணைப்புப் பட்டியல். நம் தெருவில் ஒரு வரி இப்படி இருக்கும்: புதிய எண் 147, பழைய கதவு எண் 14ஏ, மனை எண் 58, பிறகு வரி எண்ணும் மின் இணைப்பு எண்ணும். பலகையை விட, வண்ணத்தை விட, இந்தப் பட்டியல்தான் முழு வேலையின் உயிர். மின் இணைப்பு எண்ணை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கதவு எண் மாறும், உரிமையாளர் பெயர் மாறும், இணைப்பு எண் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரண்டு வீடு தங்களுக்குள் பழைய 14 யாருடையது என்று வாதாடும்போது மின்கட்டண அட்டைதான் தீர்ப்புச் சொல்லும்.

வரைவுப் பட்டியலைத் தெருவிலேயே ஒட்டி ஆட்சேபம் கேட்க வேண்டும். வரும் ஆட்சேபங்களில் பாதி, எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வருகிறது என்பதாக இருக்கலாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அளவு தவறு என்று நிரூபித்தால் மட்டும் மாற்றலாம் என்று சொல்ல வேண்டும். ஒரு எண்ணை வேண்டுகோளுக்காக நகர்த்தினால் தூரக் கணக்கு முழுதும் பொய்யாகிவிடும். ‘இந்தத் தெருவில் ஐம்பத்திரண்டு வீடுதானே, 530 எப்படி வரும்?’ என்று கேட்பவர்களுக்குச் சக்கரத்தை ஒருமுறை உருட்டிக் காட்டினால் புரிந்துவிடும்.

பலகைகள் பற்றி இரண்டே சொல். தெருப் பெயர்ப் பலகை இரண்டு முனையிலும், குறுக்குத் தெரு சேரும் இடத்திலும் வேண்டும். அதில் பெயரோடு வார்டும் அஞ்சல் குறியீடும், இந்த முனையிலிருந்து எண் எது முதல் எது வரை என்பதும் இருந்தால் நல்லது. வீட்டு எண் கேட்டின் தூணில், இரவில் வண்டி விளக்கு படும் உயரத்தில்.

இனிச் சென்னையில் விட்டுப்போன படி. புதிய எண் நடைமுறைக்கு வரும் நாளை மன்றம் அறிவிக்க வேண்டும். அந்த நாளுக்கு முன்பே இணைப்புப் பட்டியலை அஞ்சலகம், மின்வாரியம், வட்ட வழங்கல் அலுவலகம், காவல் நிலையம், 108 சேவை, வாக்காளர் பதிவு அலுவலர், சார்பதிவாளர் எல்லோருக்கும் கோப்பாகவே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குவதற்குப் பதில், அலுவலகங்கள் ஒரே பட்டியலை வைத்துத் தங்கள் பதிவேடுகளை மொத்தமாக மாற்றிக்கொள்ளும். முன்னே சொன்ன சுமை இப்படித்தான் இறங்கும். வங்கி போன்ற தனி இடங்களுக்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ‘பழைய எண் 14ஏ என்பதும் தற்போதைய எண் 147 என்பதும் ஒரே வீடு’ என்ற சான்றைக் கட்டணமின்றிக் கொடுத்துவிட வேண்டும். பழைய கிரையப் பத்திரத்தைத் திருத்த வேண்டியதே இல்லை. அது புல எண்ணையும் நான்கெல்லையையும் கொண்டு நிற்கிறது. அடுத்த முறை விற்கும்போது சொத்து விவரத்தில் இரண்டு எண்ணையும் எழுதினால் வில்லங்கச் சான்றில் தொடர்ச்சி அறுபடாது.

இதைச் செய்யாவிட்டால் எங்கே தெரியும்? முதலில் வாக்காளர் பட்டியலில். ஒரே குடும்பத்தில் அப்பா பழைய எண்ணிலும், பிறகு சேர்ந்த மகள் புதிய எண்ணிலும் பட்டியலின் வெவ்வேறு பக்கத்தில் இருப்பார்கள். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் படிவத்தோடு வீடு வீடாகப் போனார்கள். அப்படிப் போகிறவர் கையில் இருக்கும் பெயரையும் வாசலையும் சேர்ப்பது வீட்டு எண்தான். அது பொய்த்தால் அங்கேயே குடியிருப்பவரும் தேடிக் கிடைக்காதவர் ஆகிவிடக்கூடும்.

கைப்பேசி வரைபடமும், அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட டிஜிபின்னும் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டிஜிபின் நாட்டையே ஏறத்தாழ நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. பலகையே இல்லாத வயல்வெளி வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரே கட்டத்தில் மேலும் கீழும் இருக்கும் வீடுகளை அது பிரிக்காது. கட்டத்துக்குப் போக எந்தத் தெருவில் நுழைவது என்றும் அது மட்டும் சொல்லாது. நோயாளியின் பாட்டி மூச்சிரைக்கத் தொலைபேசியில் பத்து எழுத்தைச் சொல்வதும் நடக்காது. இணைப்புப் பட்டியலில் டிஜிபின்னுக்கும் ஒரு பத்தி ஒதுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

கடைசி வேலை, எண்ணைப் பிறகும் காப்பாற்றுவது. நொச்சித் தெருவில் அடுத்த காலி மனைக்குக் கட்டட அனுமதி கேட்டு வரைபடம் வரும்போதே கேட்டின் தூரத்தை அளந்து எண்ணை அனுமதியில் எழுதிவிட வேண்டும். வரி விதிப்பு அதற்குப் பிறகு அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும், தானாக ஒன்றை உண்டாக்காது. பதிவேட்டை வைத்திருக்கும் பொறுப்பு பெயர் குறித்து ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஊருக்குப் புதிதான ஒருவரிடம் பத்து முகவரிகளைக் கொடுத்து, கைப்பேசியும் இல்லாமல், யாரிடமும் வழி கேட்காமல் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு தவறினால் பலகை மறைந்திருக்கும். ஒரே தெருவில் பல தவறினால் தொடக்க முனை தவறாக எடுக்கப்பட்டிருக்கும், அந்தத் தெருவைச் சக்கரத்தோடு மறுபடி நடக்க வேண்டும்.